80% தள்ளுபடி பட்டாசு: கடைசியில ஒரு பீஸ் என்ன விலைக்கு விழுது? புதுசா ஆர்டர் போடறவங்களுக்கு

தீபாவளிக்கு முதல் தடவையா சிவகாசியிலருந்து நேரா பட்டாசு வாங்கலாம்னு நினைக்கிறவங்க கையில முதல்ல வந்து சேர்றது ஒரு ப்ரைஸ் லிஸ்ட்தான். வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பா வரும், இல்ல சைட்ல இருக்கும். மேல பெரிய எழுத்துல 80% தள்ளுபடி, சில பேர் 85, சில பேர் 90ன்னு போட்டிருப்பாங்க. கீழ தரைச்சக்கரம் ஒரு டப்பா 170 ரூபா, அதை அடிச்சிட்டு பக்கத்துல 34 ரூபான்னு இருக்கும். பாக்கறவங்களுக்கு 136 ரூபா மிச்சம்னு தோணும். அந்த 170ஐ யாரும் எந்தக் காலத்துலயும் கொடுத்ததில்ல, கொடுக்கப் போறதும் இல்ல, அதனால அங்க மிச்சம்னு எதுவுமே இல்ல. உங்களுக்கு வேணும்கிறது ஒரே ஒரு நம்பர்தான்: எல்லாச் செலவும் சேர்ந்து வீட்டு வாசல்ல வந்து இறங்கும்போது ஒரு சக்கரம் என்ன விலை, ஒரு புஸ்வாணம் என்ன விலை. அதை எப்படி கணக்கு போடறதுன்னு ஒரு ஆர்டரையே எடுத்து கடைசி வரைக்கும் போட்டுக் காட்டறேன். கீழ வர்ற ரேட் எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் வச்சுக்கிட்டது, லிஸ்ட்ல எந்த மாதிரி இருக்குமோ அந்த மாதிரிதான், ஆனா எந்தக் கடையோட ரேட்டும் இல்ல, உங்க கையில இருக்கிற லிஸ்ட்ட வச்சு மாத்திக்கோங்க.

முதல் வேலை, பர்சன்டேஜை மறக்கறது

80% தள்ளுபடின்னா பிரிண்ட் ரேட்டை 0.20ஆல பெருக்கணும், 85%ன்னா 0.15, 90%ன்னா 0.10. இதுல ஒரு விஷயத்த கவனிங்க. 80லருந்து 85க்கு போனா அஞ்சு தானே கூடுதுன்னு தோணும், ஆனா 20 ரூபா கொடுத்த எடத்துல 15 ரூபா, அதாவது நீங்க கொடுக்கற காசுல கால்வாசி குறையணும். 80லருந்து 90க்கு போனா சரிபாதி ஆகணும். ஒரே ஊர்ல, ஒரே சரக்கை, பக்கத்துக் கடைக்காரர் விக்கிற விலையில பாதிக்கு ஒருத்தர் விக்க முடியுமா? முடியாது. அதனால 90% போடறவர் என்ன பண்ணியிருப்பார்னா பிரிண்ட் ரேட்டை டபுள் ஆக்கியிருப்பார், அவ்வளவுதான். கடைக்காரங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க லிஸ்ட்ட அவங்களே அடிக்கிறாங்க, விக்க வேண்டிய விலைய முதல்ல முடிவு பண்ணிட்டு அதுலருந்து பின்னாடி போய் பிரிண்ட் ரேட்டை எழுதறாங்க. டப்பா மேல இருக்கிற எம்ஆர்பியும் இதுக்கு மேல விக்கக் கூடாதுங்கற உச்சவரம்பு மட்டும்தான், அது எவ்வளவு உசரமா இருந்தாலும் அதுக்கும் சரக்கோட மதிப்புக்கும் சம்பந்தம் கிடையாது.

இன்னொன்னு, "80% + 10%"னு போட்டிருந்தா அது 90% இல்ல. முதல்ல 0.20, அப்புறம் மிச்சத்துல 0.90, ரெண்டையும் பெருக்கினா 0.18, அதாவது 82% தள்ளுபடி. 1000 ரூபா பிரிண்ட் ரேட்டுக்கு 100 கொடுப்போம்னு நினைச்சிருப்பீங்க, பில்லுல 180 வரும். கடைக்காரர் ஏமாத்தல, அவர் சொன்ன மாதிரிதான் போட்டிருப்பார், நாமதான் கூட்டியிருப்போம்.

அடுத்தது கண்டென்ட் காலம்

லிஸ்ட்ல பேரு, கண்டென்ட், ரேட், தள்ளுபடி ரேட்னு வரிசையா இருக்கும். பாதி பேர் கண்டென்ட்ட பாக்கறதே இல்ல, விஷயமே அங்கதான் இருக்கு. டப்பா, பாக்கெட், பை, பீஸ்னு யூனிட் ஐட்டத்துக்கு ஐட்டம் மாறும். 10 செ.மீ. கம்பி மத்தாப்பு டப்பாவுல 10 இருக்கும், 30 செ.மீ. டப்பாவுல 5தான் இருக்கும். தரைச்சக்கரம் 10 இருக்கும், அதே பேருல 25 போட்டதும் இருக்கும். லட்சுமி வெடி பாக்கெட்டுக்கு 5. பிஜிலி 50 போட்ட பையும் உண்டு 100 போட்ட பையும் உண்டு. வானத்துல போய் வெடிக்கிற மல்டி ஷாட் எல்லாம் ஒரு பீஸ் கணக்கு, அதுக்குள்ள 12 ஷாட்டா 30 ஷாட்டான்னு பாக்கணும்.

கண்டென்ட்னு ஒரு காலமே இல்லாத லிஸ்ட்டும் வரும், "1 பாக்ஸ்"னு மட்டும் போட்டிருப்பாங்க. அப்படி இருந்தா போன் போட்டு "அண்ணே, இந்த பிக் சக்கரம் டப்பாவுக்கு எத்தனை"ன்னு கேட்டு எழுதிக்கோங்க, கேட்டா சொல்லிடுவாங்க. சொல்லத் தயங்கினா அந்த லிஸ்ட்டோட வேலையே இல்ல.

சைஸ் பேரும் ஒரு குழப்பம். புஸ்வாணத்துல பிக், ஸ்பெஷல், அசோகா, கலர் கோட்டி, டீலக்ஸ்னு ஏகப்பட்ட பேர், ஆனா ஒரு கம்பெனியோட பிக் இன்னொரு கம்பெனியோட ஸ்பெஷல் சைஸ்ல இருக்கும். லட்சுமி வெடிக்கு மூணரை இன்ச், 4 இன்ச்னு அளவு போடறதால அது பரவாயில்ல. பேரை வச்சு ரெண்டு லிஸ்ட்ட கம்பேர் பண்ணாதீங்க, கம்பெனி பேரும் சைஸும் ஒன்னா இருக்கான்னு பாத்துட்டு பண்ணுங்க.

இப்ப ஒரு ஆர்டர் போடுவோம்

80% தள்ளுபடி லிஸ்ட், பேக்கிங் சார்ஜ் 3%, லாரி வாடகை நாமதான் இறக்கும்போது கட்டணும், ரேட்ல ஜிஎஸ்டி அடக்கம். ஒரு சின்னக் குடும்பத்துக்கு போதுமான அளவு. தள்ளுபடி போக வர்ற விலைய மட்டும் எழுதறேன்.

10 செ.மீ. மத்தாப்பு டப்பா 13 ரூபா, 10 டப்பா 130.
30 செ.மீ. மத்தாப்பு டப்பா 32, 10 டப்பா 320.
தரைச்சக்கரம் பிக் டப்பா 34, 5 டப்பா 170.
புஸ்வாணம் பிக், 10 இருக்கிற டப்பா 64, 5 டப்பா 320.
4 இன்ச் லட்சுமி பாக்கெட் 19, 10 பாக்கெட் 190.
பிஜிலி 100 உள்ள பை 38, 2 பை 76.
12 ஷாட் ஒன்னு 130, 4 பீஸ் 520.
30 ஷாட் ஒன்னு 450, 2 பீஸ் 900.

மொத்தம் 2626 ரூபா. பிரிண்ட் ரேட்ல பாத்தா இதெல்லாம் 13,130. இதோட பக்கத்து வீட்டுப் பையனுக்கு கொடுக்கலாம்னு ஒரு 21 ஐட்டம் கிஃப்ட் பாக்ஸ், 650 ரூபா. லிஸ்ட்டோட அடியில சின்ன எழுத்துல "கிஃப்ட் பாக்ஸ் நெட் ரேட்"னு இருக்கும், அப்படின்னா அதுக்கு தள்ளுபடி கிடையாது, போட்ட விலைதான் விலை. நிறைய பேர் இதையும் 80% கழிச்சு 130ன்னு மனசுல கணக்கு போட்டுட்டு பில் வந்ததும் சண்டைக்கு போவாங்க. ஆக 2626ம் 650ம் சேந்து 3276.

இதுமேல பேக்கிங் 3%, 98 ரூபா. இந்த 3% எதுமேலன்னு கேட்டுக்கோங்க. தள்ளுபடி போக வர்ற தொகை மேலன்னா 98, பிரிண்ட் ரேட் மேல போட்டா 13,780க்கு 3%, 413 ரூபா ஆயிடும், அதே 3%தான். இப்ப 3374. இதைத்தான் கடைக்காரர் வாட்ஸ்அப்ல அனுப்பி ஜீபே பண்ணச் சொல்வார்.

அதோட முடியல. சரக்கு லாரி பார்சல் ஆபிசுக்குத்தான் வரும், வீட்டுக்கு வராது, ஒரு பெட்டிக்கு 300 ரூபா வாடகை கட்டி எடுக்கணும்னு வச்சுக்குவோம். பார்சல் ஆபிஸ் பெரும்பாலும் ஊருக்கு வெளியதான் இருக்கும், அங்கருந்து ஆட்டோ 150. மொத்தம் 3824.

இப்ப பாருங்க. பிரிண்ட் ரேட் கிஃப்ட் பாக்ஸோட சேத்து 13,780, நீங்க கொடுத்தது 3824. வகுத்தா 0.2775, அதாவது கிட்டத்தட்ட 72% தள்ளுபடிதான் உங்களுக்கு நிஜத்துல கிடைச்சது, லிஸ்ட்ல சொன்ன 80 எங்கயும் இல்ல. இதே ஆர்டருக்கு "ஜிஎஸ்டி தனி"ன்னு சொல்லியிருந்தா பட்டாசுக்கு 18%, 3374 மேல 607 ரூபா ஏறும், மொத்தம் 4431 ஆகும், தள்ளுபடி 68%க்கு இறங்கிடும். அதனால ஜிஎஸ்டி அடக்கமா தனியாங்கறது ஆர்டர் போடறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி, தள்ளுபடிய மூணு பாயிண்ட் கூட கேட்டு பேரம் பேசறத விட இதுதான் பெரிய தொகை.

ஒரு பீஸ் விலை

இங்கதான் ஒரு சின்ன வழி இருக்கு. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் தனித்தனியா வாடகைய பிரிக்க வேணாம். கடைசியா செலவான 3824ஐ சரக்கு விலை 3276ஆல வகுங்க, 1.17 வரும். இதை நான் இறக்குமதி பெருக்கல்னு வேடிக்கையா சொல்றது. லிஸ்ட்ல இருக்கிற எந்த தள்ளுபடி விலையையும் 1.17ஆல பெருக்கி டப்பாவுல இருக்கிற எண்ணிக்கையால வகுத்தா ஒரு பீஸ் விலை வந்துடும். போன்ல ஷீட் வச்சிருக்கிறவங்க பி காலத்துல பிரிண்ட் ரேட், சி காலத்துல தள்ளுபடி சதவீதம், டி காலத்துல எண்ணிக்கை, ஜி1 கட்டத்துல அந்த 1.17ஐ போட்டுட்டு இதை இழுத்து விட்டா போதும்:

```
=B2*(1-C2/100)*$G$1/D2
```

நெட் ரேட் ஐட்டத்துக்கு சி காலத்துல 0 போடுங்க.

நம்ம ஆர்டர்ல ஒரு தரைச்சக்கரம் 3 ரூபா 98 காசு, 4 ரூபான்னு வச்சுக்கோங்க. ஒரு புஸ்வாணம் ஏழரை. ஒரு லட்சுமி வெடி 4 ரூபா 45 காசு. பிஜிலி ஒன்னு 44 காசு. 30 ஷாட் ஒன்னு 526 ரூபா கிட்ட வருது, அப்ப ஒரு ஷாட் பதினேழரை, 12 ஷாட்ல ஒரு ஷாட் 12 ரூபா 70 காசு. பெருசு வாங்கினா சீப்பா இருக்கும்னு பொதுவா நினைப்போம்ல, இங்க அப்படி இல்ல. ஆனா குழாயோட தடிமன் வேற, மேல போற உசரமும் விரியறதும் வேற, அதனால ஷாட் விலைய மட்டும் வச்சு 30 ஷாட் நஷ்டம்னு சொல்ல மாட்டேன், எதுக்கு கூட கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்னுதான் சொல்றேன்.

மத்தாப்புல இன்னும் நல்லா தெரியும். 10 செ.மீ. குச்சி ஒன்னு ஒன்னரை ரூபா, 30 செ.மீ. குச்சி ஏழரை ரூபா. நீளம் மூணு மடங்கு, விலை அஞ்சு மடங்கு. செ.மீ. கணக்குல பாத்தா சின்னதுக்கு 15 காசு, பெருசுக்கு 25 காசு. பெருசுல மருந்து தடிமனா இருக்கும், கையிலருந்து தள்ளி எரியறதால சின்னக் குழந்தைக்கு பெரியவங்க பிடிச்சுக் காட்ட வசதி, அதெல்லாம் சரிதான். ஆனா நாலு பசங்க ஆளுக்கு ஒன்னு வேணும்னு கை நீட்டற வீட்டுல எண்ணிக்கைதான் முக்கியம், அங்க 10, 15 செ.மீ. வாங்கறதுதான் எனக்கு சரியா படுது. லிஸ்ட்ல போட்டிருக்கிற செ.மீ. முழுக் குச்சியோட நீளம், மருந்து தடவின பகுதி அதைவிடக் குறைவுதான், இதையும் மனசுல வச்சுக்கோங்க.

எரியாததையும் கணக்குல சேக்கணும். ஒரு டப்பா சக்கரத்துல ஒன்னு சுத்தாம புகைஞ்சு போச்சுன்னா டப்பா விலை 40 ரூபாய 9ஆல வகுங்க, 4 ரூபா 45 காசு ஆயிடும். பேரில்லாத சரக்கு டப்பாவுக்கு 4 ரூபா கம்மியா இருக்குன்னு வாங்கி அதுல ரெண்டு எரியலன்னா, 34க்கு பதிலா 30, அதை 1.17ஆல பெருக்கினா 35, எட்டால வகுத்தா 4 ரூபா 39 காசு. நல்ல கம்பெனி சரக்கு பத்தும் எரிஞ்சா 4 ரூபா. அதனால லிஸ்ட்ல விலைக்குப் பக்கத்துல கம்பெனி பேர் போட்டிருக்கான்னு பாருங்க, சில லிஸ்ட்ல எல்லா ஐட்டத்துக்கும் ஒரே லேபிள் படத்த போட்டுட்டு அனுப்பறப்ப "கிடைக்கிறத போடுவோம்"னு இருப்பாங்க.

80 லிஸ்ட்டா 90 லிஸ்ட்டா

இதே ஆர்டரை ஒரு 90% லிஸ்ட்ல போட்டுப் பாப்போம். அதுல 4 இன்ச் லட்சுமி பிரிண்ட் ரேட் 210, தள்ளுபடி போக 21. நம்ம பழைய லிஸ்ட்ல 95 போட்டு 19. புஸ்வாணம் 590 போட்டு 59, இது நம்ம 64ஐ விடக் கம்மி. 10 செ.மீ. மத்தாப்பு 12, இதுவும் கம்மி. சக்கரம் ரெண்டுலயும் 34. 30 செ.மீ. மத்தாப்பு 38, இது ஆறு ரூபா கூட. 12 ஷாட் 140, 30 ஷாட் 460. பிஜிலி 19 ரூபா, அடடா பாதி விலையான்னு பாத்தா கண்டென்ட்ல 50ன்னு இருக்கு, அதனால ரெண்டு பைக்கு பதிலா நாலு பை வாங்கணும், அதே 76 ரூபா. எல்லாத்தையும் கூட்டினா 2731. 80% லிஸ்ட்ல 2626. தள்ளுபடி பத்து பாயிண்ட் கூட இருக்கிற லிஸ்ட்ல 105 ரூபா அதிகம் கொடுக்கறீங்க.

இதுல ஒரு வழக்கமான வேலையும் இருக்கு பாருங்க. புஸ்வாணம், சின்ன மத்தாப்பு மாதிரி எல்லாரும் முதல்ல பாக்கிற ஐட்டத்த குறைச்சு வச்சுட்டு ஷாட், 30 செ.மீ. மத்தாப்புன்னு பின்னாடி வர்றதுல எடுத்துடுவாங்க. அதனால ரெண்டு ஐட்டத்த மட்டும் கம்பேர் பண்ணி முடிவு எடுக்காதீங்க, நீங்க வாங்கப் போற முழு ஆர்டரையும் ரெண்டு லிஸ்ட்லயும் போட்டு கடைசித் தொகையப் பாருங்க, பத்து நிமிஷ வேலை.

உங்க ஊர் கடையையும் இதுல சேத்துக்கணும். லைசென்ஸ் எடுத்து கடை போட்டிருக்கிற உள்ளூர்க்காரர் தள்ளுபடி எதுவும் சொல்லாம சக்கரம் டப்பா 45, லட்சுமி 25, 30 ஷாட் 560ன்னு நேரா சொல்வார். கேக்க ஜாஸ்தியாத்தான் இருக்கும். கிஃப்ட் பாக்ஸ விட்டுட்டு நம்ம எட்டு ஐட்டத்தையும் அவர்கிட்ட போட்டா 3375 வருதுன்னு வைங்க. சிவகாசி ஆர்டர் 2626ஐ 1.17ஆல பெருக்கினா 3072. வித்தியாசம் 303 ரூபா. இந்த 303க்காக முன்பணம் கட்டி, லாரிக்கு காத்திருந்து, பார்சல் ஆபிஸ்ல வரிசையில நின்னு எடுக்கணுமாங்கறது உங்க இஷ்டம். மூவாயிரம் ரூபா அளவுக்கு வாங்கறவங்களுக்கு நான் உள்ளூர்க் கடையத்தான் சொல்வேன், அங்க டப்பாவ பிரிச்சுப் பாத்து வாங்கலாம், நமத்துப் போயிருந்தா திரும்பக் கொண்டுபோய் காட்டவாவது ஆள் இருக்கு.

சேந்து வாங்கினா கணக்கு மாறும். மூணு வீட்டுக்காரங்க இதே அளவு ஆர்டர ஒரே பேர்ல போட்டா சரக்கு 9828, பேக்கிங் 295, ரெண்டு பெரிய பெட்டிக்கு வாடகை 600, குட்டி யானை வண்டிக்கு 250ன்னு வச்சா 10,973. வகுத்தா 1.12. ஒரு வீட்டுக்கு 1.17ஆ இருந்தது 1.12க்கு இறங்குது, வீட்டுக்கு 166 ரூபா மிச்சம். பெருசா ஒன்னும் இல்ல, ஆனா மூணு வீடு மூணு தடவை பார்சல் ஆபிசுக்கு அலைய வேணாம்.

கிஃப்ட் பாக்ஸை தனியா பாருங்க

21 ஐட்டம், 30 ஐட்டம்னு போடறது வகையோட எண்ணிக்கை, பீஸ் எண்ணிக்கை இல்ல. மூடியில உள்ள இருக்கிற லிஸ்ட் அச்சடிச்சிருக்கும், அதுல பாம்பு மாத்திரை ஒரு டப்பா ஒரு ஐட்டம், சுருள் கேப் ஒரு ஐட்டம், கலர் தீப்பெட்டி ஒரு ஐட்டம், பென்சில் ஒரு ஐட்டம்னு எண்ணிக்கை ஏறிடும். அதுல வர்ற ஒவ்வொன்னையும் அதே லிஸ்ட்ல தனியா என்ன தள்ளுபடி விலைன்னு எழுதிக் கூட்டுங்க. கூட்டினது 650க்கு பக்கத்துல வந்தா ஓகே, வாங்கலாம், ஒரு 450, 480தான் வருதுன்னா மிச்சம் அந்த அட்டைப்பெட்டிக்கும் அதுமேல இருக்கிற படத்துக்கும். யாருக்காவது பரிசா கொடுக்கறதுன்னா பெட்டி வேணும்தான், சொந்த வீட்டுக்கு வாங்கறவங்க தனித்தனியா போட்டுக்கறது மேல்.

பணம் கட்டறதுக்கு முன்னாடி

சைட்ல கார்ட்ல போட்டு சப்மிட் பண்ணினதும் ஆர்டர் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் ஆன்லைன்ல பட்டாசு விக்கக் கூடாதுன்னு சொன்னதுக்கு அப்புறம் இந்த சைட்டுங்க எல்லாம் அதை விசாரிப்புன்னுதான் எடுத்துக்குவோம்னு கீழ எழுதி வச்சிருப்பாங்க, பின்னாடி போன்ல பேசித்தான் முடிவு. அதனால சைட்ல காட்டின மொத்தம் ஒரு மதிப்பீடுதான், போன்ல பேசும்போது பேக்கிங், ஜிஎஸ்டி, குறைந்தபட்ச ஆர்டர் எல்லாம் உள்ள வரும். அதே தீர்ப்புலதான் சரவெடிக்கும் தடை வந்தது, லிஸ்ட்ல வாலா கணக்குல சரம் இருந்தாலும் அதை நான் இந்தக் கணக்குல சேக்கல.

ஐட்டம் வாரியா எண்ணிக்கை, விலை, கம்பெனி, பேக்கிங், வரி எல்லாம் போட்ட எஸ்டிமேட்ட எழுத்துல வாங்கிட்டுத்தான் பணம் அனுப்பணும். கடை பேர்ல இருக்கிற அக்கவுண்ட்டா, தனி ஆள் பேரான்னு பாருங்க. சீசன்ல போலி சைட்டும் போலி பேஜும் நிறைய முளைக்கும், மத்த எல்லாரோட நெட் விலைய விட பாதிக்கு எவனாவது கொடுத்தா அந்தப் பக்கமே போகாதீங்க, இங்கயும் பாக்க வேண்டியது நெட் விலைதான், பர்சன்டேஜ் இல்ல. பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க, லேட் ஆக ஆக பணத்த நிறுத்தி வைக்கறது கஷ்டம்.

"பஸ்ல போட்டு விடறோம், வாடகை மிச்சம்"னு எவனாவது சொன்னா ஒத்துக்காதீங்க. பஸ்லயும் ரயில்லயும் பட்டாசு கொண்டு போறது குற்றம், ஆபத்து வேற, அந்த 300 ரூபா லாரி வாடகைய கணக்குல வச்சே ஆர்டர் போடுங்க.

எப்ப வாங்கறதுங்கறதும் விலையில தெரியும். ஆடிப்பெருக்கு அன்னைக்கே சிவகாசிக் கடைகள்ல தீபாவளி விற்பனைய பூஜை போட்டு ஆரம்பிச்சிடுவாங்க. தீபாவளி நெருங்க நெருங்க லிஸ்ட் மாறும், தள்ளுபடி அதே 80தான் இருக்கும், பிரிண்ட் ரேட் மட்டும் ஏறியிருக்கும். பழைய பிடிஎஃப்ப அழிக்காம வச்சிருந்தீங்கன்னா உங்களுக்கு வேணுங்கற நாலஞ்சு ஐட்டத்த பக்கத்துல வச்சுப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

பெட்டி வந்ததும்

பார்சல் ஆபிஸ்லயே பெட்டி நசுங்கியிருக்கா, நனைஞ்சிருக்கா, டேப் பிரிச்சு ஒட்டியிருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. வீட்டுல பிரிக்கும்போது ஒருத்தர் வீடியோ எடுக்க, ஒருத்தர் எஸ்டிமேட்ட வச்சு டிக் அடிக்க, எல்லா டப்பாவையும் எண்ணுங்க, அப்புறம் வகைக்கு ஒரு டப்பாவ மட்டும் பிரிச்சு உள்ள எண்ணுங்க. குறையறது பெரும்பாலும் ரெண்டு மாதிரிதான். ஒன்னு, ஸ்டாக் இல்லைன்னு வேற கம்பெனி, இல்ல வேற சைஸ் போட்டு அனுப்பியிருப்பாங்க, அப்ப மாத்திப் போட்ட ஐட்டத்தோட விலைய அதே லிஸ்ட்ல பாத்து வித்தியாசத்த கேளுங்க, பிக் சக்கரத்துக்கு பதில் சின்ன சக்கரம் வந்திருந்தா அது சும்மா விடற தொகை இல்ல. இன்னொன்னு, டப்பாவுல எண்ணிக்கை குறையறது. 10 சொன்ன எடத்துல 9 இருந்தா ஒரு பீஸ் விலை 4 ரூபாய்லருந்து 4 ரூபா 45 காசுக்கு போயிடும். ஒரு டப்பாவுல குறைஞ்சா அதே ஐட்டத்துல மிச்ச டப்பாவையும் பிரிச்சு எண்ணிட்டு மொத்தமா எத்தனை பீஸ் குறையுதுன்னு வீடியோவோட அன்னைக்கே அனுப்புங்க. குறைஞ்சதுக்கு காசக் கேக்கும்போது பிரிண்ட் ரேட்ட சொல்லாதீங்க, தள்ளுபடி விலையில பேக்கிங்கும் சேத்து கேளுங்க, சக்கரம் ஒன்னுக்கு மூணரை ரூபா, 5 டப்பாவுல 5 குறைஞ்சா பதினேழரை ரூபா. அவ்வளவு சின்னத் தொகைக்கு கடைக்காரர் சாதாரணமா சண்டை போட மாட்டார், "அடுத்த வருஷம் ஒரு டப்பா சேத்துப் போடறேன்"னுதான் சொல்வார், அதுக்கு பதிலா அப்பவே ஜீபேல அனுப்பச் சொல்லுங்க.